“அலெக்ஸா வந்தது?” என்று கேட்டாலே விழித்துக்கொள்ளும் ஸ்பீக்கர்

“சார், நாங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். ஹாலில் டிவி ஸ்டாண்டிலேயே அலெக்சா ஸ்பீக்கரை வைத்திருக்கிறோம். ராத்திரி செய்தி விவாதம் ஓடும்போது யாரும் கூப்பிடாமலே நீல விளக்கு எரிகிறது, சில நேரம் பதிலும் சொல்கிறது. சென்னையில் படிக்கும் பேரன் அலெக்ஸ் லீவுக்கு வந்துவிட்டால் இன்னும் மோசம். வீட்டுக்காரர் இதய சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி போய்வருகிறவர், நடு ராத்திரியில் அது பேசினால் பதறுகிறார். ஸ்பீக்கர் கெட்டுவிட்டதா? மாற்றிவிடலாமா?”

கெடவில்லை அம்மா, மாற்ற வேண்டாம். புதிதாக ஒன்று வாங்கி அதே இடத்தில் வைத்தால் அதுவும் இதையேதான் செய்யும். உங்கள் வீட்டில் அதை எழுப்புவது டிவி, பேரன் என்று இரண்டு பேர். இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால் எது எத்தனை முறை எழுப்புகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

அந்தப் பெட்டி நாம் பேசுவதையெல்லாம் புரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. அதற்குள் எப்போதும் ஓடுவது ஒரு சின்ன நிரல்தான். கடைசிச் சில நொடிச் சத்தத்தில் ‘அலெக்சா’ என்ற ஒரு சொல்லின் சாயல் இருக்கிறதா என்று பார்த்து மார்க் போடுவதுதான் அதன் வேலை. மார்க் ஓர் அளவைத் தாண்டினால் நீல விளக்கு எரியும், அந்தத் துண்டுச் சத்தம் இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். அங்கே இன்னும் பெரிய நிரல் ஒன்று அதை மறுபடி கேட்கும். ‘இது கூப்பிட்ட மாதிரி இல்லை’ என்று அது முடிவு செய்தால் விளக்கு சத்தமில்லாமல் அணைந்துவிடும். அதாவது, விளக்கு மட்டும் வந்து போனால் வாசலில் தவறாக உள்ளே விட்டவரை உள்ளே இருப்பவர் திருப்பி அனுப்பிவிட்டார் என்று அர்த்தம். பதிலும் வந்தால் இருவருமே ஏமாந்துவிட்டார்கள். இரண்டிலும் சத்தத் துண்டு வீட்டை விட்டு வெளியே போய்விட்டது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வாசலில் இருப்பவரை இன்னும் கறாராக வைத்திருக்கலாமே என்று தோன்றும். வைத்தால் நீங்கள் நிஜமாகவே கூப்பிடும்போது மூன்று முறை கத்த வேண்டியிருக்கும். பின்னால் இன்னொரு சோதனை இருக்கிறது என்ற தைரியத்தில்தான் முதல் சோதனையைக் கொஞ்சம் தளர்வாக வைக்கிறார்கள்.

சரி, எழுப்பியது யார்? போனில் அலெக்சா ஆப்பைத் திறந்து More, அதற்குள் Alexa Privacy, அதற்குள் Review Voice History என்று போங்கள். ஆப் புதுப்பிக்கப்படும்போது இந்த இடங்கள் கொஞ்சம் நகரலாம், ஆனால் பெயர்கள் இவைதான். தேதியைத் தேர்ந்தெடுத்தால் அன்றைய பதிவுகள் நேரத்தோடு வரும், ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்கலாம். Audio was not intended for Alexa என்று இருப்பவைதான் திருப்பி அனுப்பப்பட்டவை. பட்டியல் காலியாக இருந்தால் பதிவுகளைச் சேமிக்க வேண்டாம் என்று யாரோ அமைத்திருக்கிறார்கள் என்று பொருள். சேமிக்கச் சொல்லி மாற்றிவிட்டு, மூன்று நாள் பார்த்தபின் அழித்துவிடலாம்.

உங்கள் மகள் போனில் படித்துக் காட்டிய மூன்று நாள் பட்டியலில் 11 பதிவுகள் இருந்தன. நான்கு ராத்திரி விவாத நேரத்தில் வந்தவை. இரண்டில் என்ன சத்தம் என்றே விளங்கவில்லை. மிச்சம் ஐந்தும் உங்கள் குரல்! ‘அலெக்ஸா வந்தது?’, ‘அலெக்ஸாடா போன்ல?’, ‘அலெக்ஸண்ணாவைக் கூப்பிடு’ என்ற மாதிரி.

ஆங்கிலம் பேசும் வீட்டில் அலெக்ஸ் என்று ஒரு பையன் இருந்தால் தொல்லை ஓரளவுதான், பெயர் ‘ஸ்’ஸோடு நின்றுவிடும். நம் தமிழில் பெயர் தனியாக நிற்பதே குறைவு. கேள்வி கேட்டால் ‘ஆ’ ஒட்டும், பின்னால் ‘அண்ணா’ வந்தால் சேர்ந்துகொள்ளும். அலெக்ஸ் கூட ‘ஆ’ சேர்ந்தால் அலெக்ஸா. அது சாயல்கூட இல்லை, அதே சொல்தான். பேரன் ஊரில் இல்லாத நாளிலும் அவனைப் பற்றிப் பேச்சு வராமல் இருக்குமா? இந்த ஐந்தில் வாசல்காரன் மேல் தப்பே கிடையாது, நீங்கள் உண்மையிலேயே கூப்பிட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இவற்றில் பெரும்பாலும் பதிலும் வந்திருக்கிறது.

டிவி செய்த நான்கு வேறு ரகம். ஜெர்மனியில் போஹும் நகரப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் 2020-இல் இப்படிப்பட்ட ஸ்பீக்கர்களுக்கு முன்னால் டிவி தொடர்களையும் செய்திகளையும் ஓடவிட்டு, எந்தெந்தச் சொல்லுக்கு ஏமாறுகின்றன என்று பட்டியல் எடுத்தார்கள். அலெக்சாவை எழுப்பிய ஆங்கிலச் சொற்களில் ‘எலெக்‌ஷன்’ ஒன்று. நம் செய்தி விவாதத்தில் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை எலெக்‌ஷன் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். சுத்தத் தமிழில் ‘தேர்தல்’ என்று பேசும் சானலைப் பார்த்தால் தொல்லை குறையலாம், ஆனால் அதற்காக வீட்டுக்காரர் சானலை மாற்றுவாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஆக, முதல் வேலை கூப்பிடும் சொல்லை மாற்றுவது. ஆப்பில் Devices, அதில் உங்கள் ஸ்பீக்கர், மேலே பல்சக்கரம் போன்ற அடையாளம், அதற்குள் Wake Word. வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மாற்ற வேண்டும். அந்தப் பட்டியலில் Amazon, Echo, Computer ஆகியவை இருக்கும். நமக்குப் பிடித்த பெயரை வைக்க முடியாது, இருப்பதில்தான் ஒன்றைப் பொறுக்க வேண்டும்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். Echo என்பது குட்டிச் சொல், கூப்பிட வசதி. ஆனால் உங்கள் வீட்டில் ‘எக்கோ எடுத்தாச்சா’, ‘எக்கோ ரிப்போர்ட் எங்கே’ என்று இதய ஸ்கேனைப் பற்றிய பேச்சு ஓயாது. வேலூரில் ஆஸ்பத்திரி சம்பந்தமே இல்லாத வீடு குறைவு என்பதால், இந்த ஊருக்கு நான் அந்தச் சொல்லைப் பரிந்துரைப்பதே இல்லை. Computer என்றால் பேரன் படிப்பு, பக்கத்து வீட்டு கிளாஸ் என்று அதுவும் வாயில் வந்துகொண்டே இருக்கும். அதே ஜெர்மன் பட்டியலில் Computer-ஐ எழுப்பிய சொல்லாக ‘பீட்டர்’ இருக்கிறது. உங்கள் உறவில் ஒரு பீட்டர் இல்லாமலா இருப்பார்? மிச்சம் Amazon. பார்சல் வரும் நாளில் மட்டும் தொல்லை, மற்ற நாளில் நிம்மதி. உங்களுக்கு அதுதான் சரி.

இதனால் பேரன் பிரச்சினை ஏறக்குறைய முழுசாகத் தீரும், எலெக்‌ஷனும் விலகும். டிவியால் வேறு ஏதாவது சொல் எழுப்புவது மட்டும் கொஞ்சம் மிஞ்சும். அதற்கு ஸ்பீக்கரின் இடத்தை மாற்ற வேண்டும்.

டிவி ஸ்டாண்டுதான் இதற்கு இருப்பதிலேயே மோசமான இடம். ஸ்பீக்கர் தன் வாயிலிருந்து வரும் பாட்டைத் தன் காதில் விழும் சத்தத்திலிருந்து கழித்துக்கொள்ளும், ஏனென்றால் தான் என்ன பாடுகிறது என்று அதற்குத் தெரியும். டிவி என்ன பேசப்போகிறது என்று தெரியாதே, அதனால் அதைக் கழிக்க முடியாது. ஒரு அடி தள்ளி டிவி, பத்து அடி தள்ளி நீங்கள். அதன் காதில் டிவிக்காரர் பளிச்சென்று கேட்கிறார், நீங்கள் முணுமுணுக்கிறீர்கள். எதிர்ச் சுவர்ப் பக்கம், நீங்கள் உட்காரும் சோபாவுக்கு அருகே ஒரு ஸ்டூலில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஷோகேஸ் தட்டுக்குள் செருகாதீர்கள், மூன்று பக்கமும் சத்தம் பட்டுத் திரும்பும். சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையுமான ஹாலில் தூரம் மட்டும் அதிசயம் செய்யாது என்பதும் உண்மை. எட்டு அடி தள்ளினாலும் எதிரொலி வந்து சேரும். ஆனால் எதிரொலியில் குழம்பிய சொல்லுக்கு மார்க் குறையும்.

கோடையில் இன்னொரு சங்கதி உண்டு. ஃபேனை ஐந்தில் வைத்து, ஏர் கூலரையும் போட்டால் டிவி கேட்காது, வால்யூமை ஏற்றுவோம். ஸ்பீக்கருக்கு அது டிவி கத்துவதுதான். அதுவும் கூலர் காற்று நேராக மைக்கில் அடித்தால் நீங்கள் கூப்பிடுவது அதற்குக் கேட்காது, எழுப்ப வேண்டியவரால் எழுப்ப முடியாமல் போகும். காற்று படாத பக்கமாக வையுங்கள்.

வீட்டார் குரலைப் பழக்கிவிட்டால் டிவிக்கு எழாது என்று சிலர் சொல்வார்கள். இந்த ஸ்பீக்கர்களில் குரலை அடையாளம் காண்பது யார் கேட்டது என்று தெரிந்து பதிலைப் பொருத்தத்தான். விழிப்பதை அது தடுக்காது, அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். அதைவிட, ஆப்பில் Voice Purchasing என்பதை அணைத்துவையுங்கள். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோவில், ஒரு குழந்தை அலெக்சாவிடம் பொம்மை வீடு கேட்டு ஆர்டர் போன கதையை டிவி செய்தியாளர் சொன்னபோது, அந்த வாக்கியத்தைக் கேட்டுப் பார்வையாளர்கள் வீட்டு ஸ்பீக்கர்களும் விழித்துக்கொண்டன.

நடு ராத்திரிக்கு வருவோம். மேலே மைக் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், அதன்பின் எதுவும் எழுப்பாது. விவாதம் முடிந்து டிவியை அணைக்கும்போது அதையும் அழுத்திவிடுங்கள், காலையில் எடுத்துவிடுங்கள். இன்னொன்று, சத்தமில்லாமல் விழிப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆப்பில் Sounds பகுதியில் Start of Request என்பதை இயக்கினால், விழிக்கும் ஒவ்வொரு முறையும் ‘டிங்’ என்று சொல்லும். சோதனை நாட்களுக்கு இது மிக உதவி.

பக்கத்து வீட்டில் கூகுள் ஸ்பீக்கர் என்றால் அதில் கூப்பிடும் சொல்லை மாற்ற முடியாது. பதிலுக்கு, கூகுள் ஹோம் ஆப்பில் “Hey Google” sensitivity என்று ஒரு கோடு இருக்கும். அதை ஒரு படி கீழே இறக்கி, கூப்பிட்டுப் பார்த்து, தேவையானால் இன்னொரு படி இறக்கலாம்.

மாற்றியபின் ஒரு முறை விவாதத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு ‘எழவில்லை, சரியாகிவிட்டது’ என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் ஒரு முறை எழுப்பிய சத்தம் அடுத்த முறை எழுப்பாமல் விடுவது சகஜம். ஒரு வாரம் விட்டு, மறுபடி அந்தப் பட்டியலைத் திறந்து எண்ணுங்கள். நான்காக இருந்த விவாதக் கணக்கு ஒன்றுக்கோ பூச்சியத்துக்கோ இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் அந்தப் பதிவுகளில் எந்தச் சொல் எழுப்பியது என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். பேரனின் ஐந்துக்கு மட்டும் அவன் அடுத்த லீவுக்கு வரும்வரை பொறுத்திருந்து பார்க்க வேண்டும்.