டேங்க் லைனுக்கு முக்கால் இன்ச் போதுமா?

"மாடி டேங்கிலிருந்து இறங்கும் மெயின் லைனில் நிமிடத்துக்கு 30 லிட்டர் வேண்டும். முக்கால் இன்ச் சிபிவிசி போதுமா?"

போதாது, 1 இன்ச் போடுங்கள். 30 லிட்டர் என்றால் நொடிக்கு அரை லிட்டர், வேகத்தை 1.5 மீ/நொடிக்குள் வைக்க உள்விட்டம் இவ்வளவு வேண்டும்:

```
d = √(4Q/πv) = √(4×0.0005/(3.14×1.5)) ≈ 0.0206 m
```

அதாவது 20.6 மிமீ. முக்கால் இன்ச் எஸ்டிஆர் 11 பைப்பின் உள்விட்டம் சுமார் 18 மிமீதான், அதில் வேகம் 2 மீ/நொடியைத் தொடும். 1 இன்ச்சில் சுமார் 23 மிமீ இருப்பதால் 1.2 சொச்சத்தில் நிற்கும். பைப்பின் மேல் அச்சடித்த அளவை உள்விட்டம் என்று எடுத்துக்கொள்வதால்தான் பலருக்குக் கணக்கு இடிக்கிறது.

அப்புறம் அந்த 30 நிஜமாகவே தேவையா என்று பாருங்கள்: ஒரே நேரத்தில் திறக்கும் ஒவ்வொரு குழாயிலும் 15 லிட்டர் வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள், 900-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் அந்தக் குழாயில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும், அவற்றைக் கூட்டுங்கள்.

ஒன்று, மேல்மாடி ஷவருக்கு மேலே டேங்க் ஒன்றிரண்டு மீட்டர்தான் என்றால் வேகம் சரியாக இருந்தும் தண்ணீர் மெலிந்தே வரும், உராய்வு இழப்பையும் பார்க்கணும்.