லாபம் வந்த ஆண்டில் தலைமைச் செயல் அலுவலரை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: கிருஷ்ணகிரியில் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மாங்கூழ் விற்று 30 லட்சம் லாபம் பார்த்திருக்கிறது. எங்கள் சி.இ.ஓ.வுக்கு இயக்குநர் குழு முழு மதிப்பெண் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்த 30 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். பெங்களூரா மாங்காய் விலை சரிந்ததால் கொள்முதலில் மிச்சமானது எவ்வளவு? அது சந்தை கொடுத்தது. அவர் உழைப்பு அல்ல. ஆண்டுத் தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட இலக்கு, உதாரணமாக இரண்டு புதிய கொள்முதலாளர்கள், நிறைவேறியதா என்பதுதான் திட்டச் செயலாக்கத்துக்கான அளவுகோல்.

அடுத்து, வரவேண்டிய பாக்கிப் பட்டியலை நாள் வாரியாகக் கேளுங்கள். ஒரே வாடிக்கையாளரிடம் 22 லட்சம் 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால், லாபத்தின் பெரும்பகுதி இன்னும் ஏட்டில்தான் இருக்கிறது. கடன் வரம்பை மீறிச் சரக்குக் கொடுத்தாரா உங்கள் சி.இ.ஓ., அதைத் தாமாகவே குழுவிடம் சொன்னாரா, தணிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்ததா? நிதிப் பொறுப்பில் நான் மிக அதிகமாக எடைபோடுவது இந்தக் கேள்வியைத்தான்.

பணியாளர் தலைமைக்கு, பருவத்தின் நடுவே விலகிய கொள்முதல் மையப் பொறுப்பாளரிடம் ஓர் இயக்குநர் தனியே பேசட்டும். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். இருப்பவர்களிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள்.

தலைவர் வாய் திறப்பதற்கு முன்பே ஒவ்வோர் இயக்குநரும் தம் மதிப்பெண்ணை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.