உரிமம் புதுப்பிக்க அவகாசம் கேட்டு எழுதுவது எப்படி?

கேள்வி: கணவர் பெயரில் சிறிய டிபன் கடை நடத்துகிறோம். தொழில் உரிமம் மார்ச் 31-ல் முடிகிறது. புதுப்பிக்க விண்ணப்பித்தோம். கட்டட உரிமையாளர் சம்மதக் கடிதமும் சொத்துவரி ரசீதும் 15 நாட்களுக்குள் வேண்டும் என்று நகராட்சியிலிருந்து 2-ம் தேதியிட்ட கடிதம் 6-ம் தேதி வந்தது. கணவருக்கு 12-ம் தேதி அறுவை சிகிச்சை. கட்டட உரிமையாளரும் மகன் வீட்டுக்கு வெளியூர் போயிருக்கிறார். அவகாசம் கேட்டு எப்படி எழுதுவது? கணவரின் ஓட்டுநர் உரிமமும் இதே மாதம் முடிகிறது. அதற்கும் எழுதலாமா?

பதில்: கெடு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதை முதலில் பாருங்கள். 'இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள்' என்று இருந்தால் 21-ம் தேதி வரை நேரம் இருக்கிறது. கடிதத்தின் தேதியிலிருந்து என்றால் 17-ம் தேதியே முடிந்துவிடும். தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். என்று வந்தது என்பதற்கு அதன் மேலுள்ள முத்திரைதான் சாட்சி.

உங்கள் கடிதம் கெடு முடிவதற்குள் அலுவலகம் போய்ச் சேர வேண்டும். முடிந்தால் அறுவை சிகிச்சைக்கு முன்பே கணவரிடம் கையெழுத்து வாங்குங்கள், உரிமம் அவர் பெயரில் இருப்பதால். முடியாவிட்டால் நீங்கள் கையெழுத்திடலாம், ஆனால் 'கணவருக்காக' என்று குறிப்பிட்டு, அவர் கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் சேர்க்க வேண்டும்.

உடல்நிலையை விலாவாரியாக எழுத வேண்டாம். அதிகாரி பார்ப்பது மூன்றைத்தான்: எந்தக் கோப்பு, ஏன் முடியவில்லை, எந்தத் தேதிக்குள் தருவீர்கள். 'சில நாட்கள் அவகாசம்' என்று எழுதினால் கோப்பில் குறித்துவைக்க அவருக்குத் தேதி கிடைக்காது. மருத்துவர் ஏப்ரல் 2 வரை ஓய்வு சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், எட்டு நாள் கூட்டி 10-ம் தேதி என்று கேளுங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

அனுப்புநர்: (உரிமதாரர் பெயர், கடை முகவரி, கைபேசி எண்)
பெறுநர்: ஆணையர் அவர்கள், ... நகராட்சி
பொருள்: தொழில் உரிமம் புதுப்பித்தல் – ஆவணங்கள் சமர்ப்பிக்கக் கால அவகாசம் கோருதல் – தொடர்பாக
பார்வை: தங்கள் கடிதம் ந.க.எண் ..., நாள் ...

ஐயா, பார்வையில் காணும் கடிதம் 6-ம் தேதி கிடைத்தது. சொத்துவரி ரசீது நகலை இத்துடன் இணைத்துள்ளேன். எனக்கு 12-ம் தேதி அறுவை சிகிச்சை நடைபெற உள்ளது. மருத்துவர் ஏப்ரல் 2 வரை ஓய்வு கூறியுள்ளார். கட்டட உரிமையாளர் வெளியூரில் இருப்பதால் அவரது சம்மதக் கடிதத்தையும் உடனே பெற இயலவில்லை. எனவே ஏப்ரல் 10 வரை அவகாசம் அளித்து, அதுவரை என் விண்ணப்பத்தை நிராகரிக்காமல் நிலுவையில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
இணைப்பு: மருத்துவச் சான்று நகல், சொத்துவரி ரசீது நகல்.

'நிராகரிக்காமல் நிலுவையில்' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ஆவணம் தரத்தான் நாள் கேட்கிறீர்கள், உரிமத்தின் காலம் அதனால் நீளாது. நீங்கள் கேட்கும் தேதி மார்ச் 31-ஐத் தாண்டுகிறது. அதனால் புதுப்பிப்புக் கட்டணம் பாக்கி இருந்தால் இப்போதே கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கைவசம் உள்ள ஒரு ஆவணத்தையாவது கடிதத்தோடு கொடுப்பதும் நல்லது. நீங்கள் இழுத்தடிக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பயணக் காரணம் எப்போதும் கொஞ்சம் பலவீனம்தான். 'வேறு யாராவது கொண்டுவரலாமே' என்பார்கள். இங்கே சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரே ஊரில் இல்லை என்பதால் அந்தக் காரணம் எடுபடும். ஆனாலும் முதலில் அவருக்குப் போன் செய்து, கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

நேரில் கொடுத்தால் இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். விரைவுத் தபால் என்றால் கண்காணிப்பு எண் உள்ள ரசீது போதும். அப்புறம் ஒரு வாரத்தில் போய்க் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

ஓட்டுநர் உரிமத்துக்கு இப்படி எழுதிப் பயனில்லை. மேலே சொன்ன 15 நாள் அலுவலகம் வைத்த கெடு, அதை அலுவலகமே தளர்த்தலாம். ஓட்டுநர் உரிமத்தின் காலத்தை மோட்டார் வாகனச் சட்டம் வகுத்திருக்கிறது. ஆர்.டி.ஓ. நினைத்தாலும் நீட்டிக்க முடியாது. நல்ல வேளை, முடிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் ஓட்டிக் காட்டும் தேர்வு இல்லை. அதைத் தாண்டினால் தேர்வு உண்டு. நாற்பது வயதைக் கடந்தவர் என்றால் படிவம் 1ஏ மருத்துவச் சான்றும் வேண்டும். எனவே அவர் குணமான பிறகு நிதானமாக விண்ணப்பிக்கலாம், தாமதக் கட்டணம் கேட்டால் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் முடிந்த உரிமத்தோடு வண்டியை எடுக்கக் கூடாது. முன்பு இருந்த 30 நாள் சலுகை 2019 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வர வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.