சந்துல விட்ட பந்து

ஐயா, வணக்கம். எங்கள் தோட்டத் திடலில் நடக்கும் காற்பந்துப் போட்டிகளுக்கு நான்தான் மைக் பிடிக்கிறேன். இந்த முறை முழுக்கத் தமிழில் சொல்லலாம் என்று த்ரூ பாலுக்கு ‘ஊடுருவல் கடத்தல்’, ஓஃப்சைட்டுக்கு ‘அயலிட நிலை’, டிரிபிளுக்கு ‘பந்து நகர்த்தல்’ என எழுதிக்கொண்டு போனேன். இளசுகள் சிரிக்கிறார்கள், பெரியவர்களுக்குப் புரியவில்லை. வேறு நல்ல சொற்கள் உண்டா?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

தம்பி,

நீங்கள் எழுதிக்கொண்டு போன மூன்றுமே பெயர்ச்சொற்கள். ஓடுகிற ஆட்டத்துக்கு வினைச்சொல்தான் ஒத்துவரும். ‘ஊடுருவல் கடத்தல்’ என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து கோல் காவலர் கைக்குப் போயிருக்கும். அதோடு, கடத்தல் என்றதும் நம் ஆட்களுக்குப் போலீஸ்தான் ஞாபகத்துக்கு வரும்.

த்ரூ பாலில் பந்து ஆளின் காலுக்குப் போவதில்லை. தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்துக்குப் போகிறது, ஆள் ஓடிப்போய் அதை எடுக்கிறான். இதைத் திடலோரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ‘சந்துல விட்டான்’ என்பார்கள். அதையே மைக்கில் சொல்லுங்கள்: “எட்டாம் எண் சந்தில் விட்டார், பதினொன்று ஓடுகிறார்!” இரண்டு பேருக்கு நடுவே தரையோடு போகும் பந்துக்குத்தான் இது பொருந்தும். தலைக்கு மேல் போனால் ‘தூக்கி விட்டார்’. இடைவேளையில் நிதானமாகப் பேசும்போது பெயர்ச்சொல் வேண்டுமென்றால் ‘ஊடுபந்து’ போதும்.

டிரிபிளில் இரண்டு வேலை இருக்கிறது. பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு ஓடுவது ஒன்று, எதிரில் வருபவனை ஏமாற்றித் தாண்டுவது இன்னொன்று. முதலாவதற்கு ‘எடுத்துக்கொண்டு போகிறார்’, இரண்டாவதற்கு ‘போக்குக் காட்டித் தாண்டினார்’. ‘நகர்த்தல்’ என்றால் மேசையை நகர்த்துவது மாதிரி இருக்கிறது.

ஓஃப்சைட்டை அப்படியே விட்டுவிடுங்கள். மலாய் வர்ணனையிலும் ‘ஒஃப்சைட்’ என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் தமிழ் தேவைப்படுவது அது ஏன் ஓஃப்சைட் என்று சொல்லும் இடத்தில். அங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். “பந்தை வாங்கும்போது முன்னால் நின்றார்” என்பது தவறு. சக ஆட்டக்காரர் பந்தைத் தொட்ட அந்தக் கணத்தில் எங்கே நின்றார் என்பதுதான் கணக்கு. ஆகவே சந்தில் விட்ட பந்துக்கு இரண்டே வாக்கியம்: ‘விடும்போதே முந்தி நின்றார்’ என்றால் ஓஃப்சைட், ‘விட்ட பிறகு முந்தி ஓடினார்’ என்றால் நல்ல பந்து. பந்தைப் பிடிக்கும்போது பத்தடி முன்னால் இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் கண் ஓடுபவன் மேலேயே இருந்தால் இது பிடிபடாது. பந்தை விடுபவனின் கால் படும் நேரத்தில் தற்காப்பு ஆட்டக்காரர்களின் வரிசையைப் பார்க்கப் பழக வேண்டும். கொடி தாமதமாக எழுந்தாலும் கணக்கு அந்தக் கணத்துக்குத்தான்.

இன்னொரு வழக்கு, ‘கடைசித் தற்காப்பு ஆட்டக்காரரைத் தாண்டி நின்றார்’. இது முக்கால்வாசி நேரம் சரியாக வரும், ஏனென்றால் கோல் காவலர் வழக்கமாகக் கம்பத்தருகே இருப்பார். விதி கேட்பது வேறு: எதிரணியின் பாதித் திடலில், பந்தைவிடவும், எதிரணியில் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளைவிடவும் கோல் கோட்டுக்கு நெருக்கமாக இருக்கக் கூடாது. கோல் காவலரும் அந்தக் கணக்கில் ஓர் ஆள்தான். சமமாக நின்றால் குற்றமில்லை. கையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

2010 உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டம், தென்னாப்பிரிக்காவும் மெக்சிகோவும். கார்னரில் வந்த பந்தைச் சக வீரர் தட்டிவிட, மெக்சிகோவின் கார்லோஸ் வேலா கோலுக்குள் போட்டார். கோட்டருகே ஒரு தென்னாப்பிரிக்கர் நின்றுகொண்டிருந்தார், ஆனாலும் கொடி எழுந்தது. தவறான தீர்ப்பு என்று பலரும் கூச்சல் போட்டார்கள். கோல் காவலர் குனே பந்தைப் பிடிக்க வெளியே வந்துவிட்டிருந்தார். வேலாவுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரே ஆள்தான், இரண்டு பேர் இல்லை. தீர்ப்பு சரி. நேராகக் கார்னரிலிருந்தே வாங்கியிருந்தால் ஓஃப்சைட்டே கிடையாது. நடுவில் சக வீரர் தொட்டதால்தான் வினை. அன்று மைக் உங்கள் கையில் இருந்தால், “காவலர் வெளியே வந்துவிட்டார், பின்னால் ஒருவர்தான், தட்டும்போதே வேலா முந்தி நின்றார்” என்று சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஆகவே ‘கடைசி ஆள்’ என்பதை விட்டுவிட்டு, ‘பின்னால் இரண்டு பேர் இருக்கிறார்களா’ என்று கேட்டுச் சொல்லுங்கள். த்ரோ இன்னிலும் கோல் கிக்கிலும் நேராக வாங்கினால் ஓஃப்சைட் கிடையாது. த்ரோ இன்னுக்கு நம் திடல்களில் கட்டாயம் ஒரு கூச்சல் எழும். அதற்கு ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள்: “கையால் எறிந்த பந்து, ஓஃப்சைட் இல்லை, ஆட்டம் தொடர்கிறது.”