நிலுவையும் முற்பணமும் ஒரே கணக்கில்

கேள்வி: வவுனியாவில் எங்கள் தொடர்மாடியில் 12 வீடுகள். மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் சிலர் நிலுவை, சிலர் அறுவடைக்குப் பிறகு மொத்தமாகக் கட்டுகிறார்கள். கொப்பியில் மாதத்துக்கு ஒரு ‘சரி’ அடையாளம் போடுகிறேன், கணக்கு குழம்புகிறது. என்ன செய்யலாம்?

அந்த அடையாளத்தை விட்டுவிடுங்கள். வீட்டுக்கு ஒரு தாள் போதும்: திகதி, விவரம், கட்டணம், வரவு, மீதி. மீதி கூட்டலில் நின்றால் நிலுவை, கழித்தலில் நின்றால் முற்பணம். எக்செல்லில் என்றால், முதல் வரியில் இந்தத் தலைப்புகள், E2-இல் பழைய மீதி, E3-இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=E2+C3-D3
```

ஐந்தாம் வீட்டை எடுப்போம். மாதக் கட்டணம் 3,000 ரூபாய். மார்கழி முதல் மாசி வரை நிலுவை 9,000. மாசியில் நெல் விற்று 12,000 கட்டுகிறார். பழைய மாதங்கள் முதலில் கழியும், மீதி −3,000. பங்குனியில் கட்டணம் 3,500 ஆகிறது. மீதி 500. அடையாளம் போட்டிருந்தால் பங்குனி ‘கட்டியாச்சு’ என்றே நிற்கும், அந்த 500 யார் கண்ணிலும் படாது.

நினைவூட்டலும் இந்த மீதியிலிருந்தே வரவேண்டும். முதலாம் திகதி கட்டணம் பதிந்து, 10ஆம் திகதி வரை அவகாசம் கொடுங்கள். 11ஆம் திகதி மீதி கூட்டலில் உள்ளவருக்கு மட்டும், தனியாக: “பங்குனி 3,500, முற்பணத்தில் கழிந்தது 3,000, கட்டவேண்டியது 500.” வாட்ஸ்அப் குழுவில் பெயர்ப் பட்டியல் போடாதீர்கள், சண்டைதான் வரும். அறுவடைக்குக் கட்டுவதாக ஒப்புக்கொண்டவருக்கு அந்தத் திகதிவரை நினைவூட்டல் வேண்டாம், நிலுவை மட்டும் தாளில் ஏறட்டும்.

அப்புறம், மொத்த நிலுவையையும் மொத்த முற்பணத்தையும் கூட்டத்தில் தனித்தனியே காட்டுங்கள். முற்பணம் என்பது இன்னும் வராத மாதங்களுக்கான காசு. அதை எடுத்து தண்ணீர் மோட்டார் திருத்தினால் சித்திரையில் கை கடிக்கும்.