வாழை இலையும் தென்னைப் பேச்சும்

அன்புள்ள ஐயா,

நான் வேளாண் பட்டதாரி. பொள்ளாச்சிப் பக்கம் உர, மருந்துக்கடை வைத்திருக்கிறேன். விவசாயிகளுக்கு வாட்சப்பில் பதிலும் சொல்வதுண்டு. போன வாரம் ஒருவர் தென்னையில் வெள்ளை ஈ என்று முக்கால் மணி நேரம் பேசினார். ராத்திரி ஒரு வார்த்தையும் எழுதாமல் வாழை இலைப் படம் ஒன்றை அனுப்பினார். இலை முழுக்கக் கருப்பு. பேச்சில் வாழை வரவே இல்லை என்பதால் இது வேறு சமாச்சாரம், சிகடோகா இலைப்புள்ளி நோய் என்று முடிவுகட்டி புரோபிகோனசோல் என்கிற பூசணமருந்தைக் கொடுத்தேன். அடித்தும் கருப்பு போகவில்லை என்று கோபப்படுகிறார். நீளமான பேச்சுக்குப் பிறகு வரும் படத்தை அந்தப் பேச்சோடு சேர்த்துப் பார்ப்பதா, தனியாகப் பார்ப்பதா? எழுத்தில்லாத படத்துக்குப் பதில் கிடையாது என்று கடையில் போர்டு வைத்துவிடலாமா?

அன்புள்ள தம்பி,

போர்டெல்லாம் வேண்டாம். சாயங்காலம் வரை மண்ணில் நின்றவர் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படத்தைத் தட்டிவிடுகிறார். அதற்குக் கீழே நாலு வரி எழுதவில்லை என்று அவர்மேல் கோபித்துக்கொள்வது படித்தவனின் கொழுப்பு. அதை விடுங்கள்.

கொஞ்ச நாளாக இதே விஷயம்தான் என் மண்டையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம் என் மைத்துனர். அவர் உங்கள் ஆளுக்கு நேர் எதிர். வெள்ளை ஈயைப் போனில் திட்டித் தீர்த்துவிட்டு, வைத்த கையோடு மஞ்சளான தென்னை மட்டை ஒன்றைப் படம் பிடித்து அனுப்பினார். தென்னையைப் பற்றிப் பேசினார், தென்னைப் படமே வந்தது. அப்படியானால் வெள்ளை ஈதான் என்று யாருக்கும் தோன்றும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அடிமட்டை. ஓரமும் நுனியும் மஞ்சள், நுனி கருகிக் காய்ந்திருக்கிறது, நடு ஈர்க்கை ஒட்டிய பகுதி மட்டும் பச்சை. மேல்பக்கம் துடைத்து வைத்ததுபோல் சுத்தம், கருப்பின் சாயலே இல்லை. வெள்ளை ஈ அந்த அளவுக்கு உறிஞ்சியிருந்தால் கீழ்மட்டைகள் கருத்திருக்க வேண்டும். இது சாம்பல் சத்துக் குறை. மரத்துக்கு வருஷத்துக்கு 2 கிலோ பொட்டாஷ், இரண்டு தவணையாகப் போட வேண்டிய இடத்தில் அவர் வெறும் யூரியாவை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார். ஈயும் அந்தத் தோப்பில் இருக்கிறது, வேறு மரங்களில். அந்தப் படத்தில் இல்லை.

உங்கள் கதைக்கு வருகிறேன். பேச்சு தென்னை, படம் வாழை, ஆகவே வேறு என்று பிரித்துவிட்டீர்கள். பயிரின் பேரைப் பார்த்தீர்களே ஒழிய தோட்டத்தைப் பார்க்கவில்லை. 2016இல் பொள்ளாச்சி, பாலக்காட்டுப் பக்கம் இந்தச் சுருள் வெள்ளை ஈ முதலில் கண்ணில் பட்டதிலிருந்து அந்த ஊர்க்காரர்கள் தினமும் பார்க்கிற காட்சி இது. ஈ தென்னை ஓலையின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. சர்க்கரைத் தண்ணீர் போல ஒரு பிசுபிசுப்பு கீழே சொட்டுகிறது. அது விழுகிற இடத்திலெல்லாம் கரும்பூசணம் வளர்கிறது. கீழ்மட்டையில், மரத்தடியில் போட்டிருக்கிற வாழையில், கோகோவில், ஜாதிக்காயில், சமயத்தில் அடியில் நிறுத்திய வண்டியின் சீட்டில்கூட. அவர் அனுப்பியது வாழை நோயே அல்ல. நீங்கள் முக்கால் மணி நேரம் பேசிய அதே தென்னையின் எச்சில்.

சிகடோகாவுக்கும் இதற்கும் வித்தியாசம் பார்க்க லேப் வேண்டியதில்லை. ஈரத்துணியை இலைமேல் ஒரு இழு இழுத்தால் போதும். கரும்பூசணம் என்றால் அடுப்புக்கரி போலத் துணியில் வந்துவிடும், அடியில் இலை பச்சையாக இருக்கும். சிகடோகா இலைக்குள்ளேயே இருக்கிறது, துடைத்தால் போகாது. சின்ன மஞ்சள் கீற்றாகத் தொடங்கி, கண் வடிவப் புள்ளியாகப் பழுத்து, நடுவில் சாம்பல் நிறமும் சுற்றிலும் மஞ்சள் வளையமுமாக நிற்கும். இலை முழுக்க ஒரே பூச்சாகக் கருப்பு படர்ந்ததைப் பார்த்தும் அந்தப் பேரைச் சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரியவர் இருந்தார். வாட்சப்பெல்லாம் கிடையாது, செய்தித்தாளில் சுற்றி இலையைக் கொண்டுவருவார்கள். வந்தவர் பேச ஆரம்பித்தால் கையமர்த்திவிட்டு முதலில் பொட்டலத்தைப் பிரிப்பார். இலையை மேசையில் போட்டு மேல்பக்கம் பார்ப்பார், திருப்பி அடிப்பக்கம் லென்சில் பார்ப்பார், நாலு வார்த்தை குறித்துக்கொள்வார். அதற்கப்புறம்தான் "இப்ப சொல்லுங்க" என்பார். கதையை முதலில் கேட்டுவிட்டால் கண் கதையைத்தான் தேடும் என்று எங்களைத் திட்டுவார். அடிப்பக்கம் பார்க்காமல் ஒருவன் பேர் சொன்னால் அன்றைக்கு அவனுக்கு டீ கிடையாது.

படம் பார்க்கிறவர்களோடு எனக்குத் தீராத சண்டை இங்கேதான். எல்லோரும் இலையின் மேல்பக்கத்தைத்தான் அனுப்புகிறார்கள், அழகாக வெயில் விழுகிற பக்கத்தை. விஷயம் முழுக்க அடியில் கிடக்கிறது. உங்கள் வாழையையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் சுத்தமாக இருந்தால் பிசுபிசுப்பு மேலே தென்னையிலிருந்து விழுந்திருக்கிறது. அடியில் வெள்ளை மெழுகு சுருள்சுருளாக இருந்தால் ஈ வாழைக்கும் இறங்கிவிட்டது, அது வாழையிலும் வாழும். தென்னை ஓலையின் அடியில், ஈயின் குஞ்சுகள் சில கருத்துப்போய் வட்டமாக ஓட்டை விழுந்திருந்தால் சந்தோஷப்பட வேண்டும். என்கார்சியா என்கிற பொடிக்குளவி உள்ளே முட்டை வைத்து ஈயைத் தின்றுவிட்டு வெளியே போயிருக்கிறது. மேல்பக்கக் கருப்பு கெட்டது, அடிப்பக்கக் கரும்புள்ளி நல்லது. மேல்பக்கப் படத்தை மட்டும் பார்த்துக் கடுமையான பூச்சிமருந்தை எழுதிக்கொடுத்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். ஈ திரும்பி வரும், குளவி அத்தனை சுலபத்தில் வராது. அதனால் படம் வந்ததும் எழுதுங்கள்: "அதே இலையைத் திருப்பிப் பிடிச்சு இன்னொண்ணு அனுப்புங்க." இதைத் தவிர வேறு எதையும் முதலில் எழுதாதீர்கள்.

சேர்த்துப் பார்ப்பதா தனியாகவா என்றால், முதலில் தனியாக, பிறகு சேர்த்து. ஆனால் "இது நாம பேசினதுக்கா?" என்று அவரையே கேட்காதீர்கள். அவருக்கு எப்படித் தெரியும்? வாழைக்கு வேறு ஏதோ வந்துவிட்டது என்று அவரும் உங்களைப் போலவே நினைத்திருக்கலாம். "இந்த வாழை எங்க நிக்குது, மேல என்ன மரம்?" என்று கேளுங்கள். தென்னைக்கு அடியில் என்றால் பேச்சோடு ஒட்டு. தனி வயலில், மேலே வானம் மட்டும் என்றால் வேறு கதை, அங்கே வாழையின் அடிப்பக்கமே பதில் சொல்லும். படத்தின்மேல் பார்வர்டு குறி இருந்தால் அவர் தோட்டமே இல்லாமலும் இருக்கலாம், மச்சான் தோட்டமோ என்னவோ. போனில் படத்தின் பேரில் வருகிற தேதியை நம்பாதீர்கள், அது வாட்சப்பில் வந்துபோன நாள், எடுத்த நாள் அல்ல.

இப்போது செய்ய வேண்டியது. மைதாவை லிட்டருக்கு 25 கிராம் வீதம் காய்ச்சிக் கரைத்து, கருத்த ஓலையிலும் வாழையிலும் தெளிக்கச் சொல்லுங்கள். காய்ந்ததும் கருப்பு தோல்தோலாக உரிந்துவிடும். தென்னைக்கு விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டட்டும், குளவி இருந்தால் பூச்சிமருந்தைத் தொடாமல் இருக்கட்டும். மேலே ஈ குறையாதவரை கீழே கருப்பு திரும்ப வரும் என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மறுபடி உங்களிடம்தான் கோபப்படுவார். அந்தப் புரோபிகோனசோல் புட்டிக்கு வாங்கிய காசை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், தம்பி.