மாத்திரையின் நிறம் மாறியிருக்கிறதே, போலியா?

கேள்வி: வழக்கமா வாங்குற பிரஷர் மாத்திரை இந்த முறை வேற நிறத்துல இருக்கு. போலியா இருக்குமோ? யார்கிட்ட சொல்றது?

நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, நிறுவனமே மாற்றியிருக்கலாம். பழைய அட்டையோடு எழுத்துப்பிழை, மங்கிய அச்சு இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். 2023 ஆகஸ்ட் முதல் 300 பிராண்டுகளுக்கு அட்டையிலோ பெட்டியிலோ பார்கோடு அல்லது கியூஆர் கோடு கட்டாயம். ஸ்கேன் செய்தால் வரும் பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் அச்சில் இருப்பதோடு பொருந்த வேண்டும். பொருந்தினாலும் முழு உத்தரவாதம் இல்லை; கோடையும் நகலெடுக்கலாம். மருந்தின் அளவு குறைந்திருந்தால் அது கண்ணுக்கே தெரியாது, ஆய்வகத்தில்தான் தெரியும்.

சந்தேக அட்டையை எறியாதீர்கள். பில்லோடு உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் கொடுங்கள். அவர் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்காரர். மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி நீங்களே கட்டணம் கட்டி அரசு ஆய்வகச் சோதனைக்கும் அனுப்பலாம். அதுவரை பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாமல், டாக்டரிடம் சொல்லி வேறு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.